இன்று நான் வர முடியாது, அவர் வருவார்

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் விடுப்பு விண்ணப்பம் எழுதத் தெரியும். அனுப்புநர், பெறுநர், மதிப்பிற்குரிய ஐயா, கடும் காய்ச்சலால் அவதிப்படுவதால் இரண்டு நாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஆசிரியருக்கு எழுதும்போது இந்தக் கடிதம் சரியானது. நோய் என்ன, எத்தனை நாள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். அனுமதி தருவதும் மறுப்பதும் அவர் கையில் இருக்கிறது.

அந்தப் பழக்கத்தை நாம் வேலைக்கும் கொண்டுவந்துவிடுகிறோம். வாடிக்கையாளரோடு ஒரு சந்திப்பு இருக்கிறது, காலையில் எழுந்தால் உடம்பு முடியவில்லை. உடனே கை தானாக விடுப்பு விண்ணப்பம் எழுதத் தொடங்குகிறது: என்ன நோய், எப்போது ஆரம்பித்தது, டாக்டர் என்ன சொன்னார், மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் வாடிக்கையாளர் நமக்கு விடுப்பு தருகிறவர் இல்லை. அவர் ஒரு வேலைக்காக நேரம் ஒதுக்கியிருக்கிறார். அந்த வேலை இன்று நடக்குமா, நடந்தால் யாரோடு, நடக்காவிட்டால் எப்போது, அதற்காகத் தான் ஏதாவது செய்ய வேண்டுமா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். இந்தக் கேள்விகள் எதற்கும் காய்ச்சல் எத்தனை டிகிரி என்பது பதில் ஆகாது.

திருப்பூரில் தினமும் நடக்கக்கூடிய ஒரு சூழலை எடுத்துக்கொள்வோம். ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக ஒரு பெண் வேலை செய்கிறார். ஆர்டர் வந்ததிலிருந்து கப்பல் ஏறும்வரை பையருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் நின்று பேசுகிறவர் மெர்ச்சண்டைசர்தான். மார்ச் மாத இறுதியில் ஒரு வியாழக்கிழமை, மதியம் 2.30-க்கு அவருக்கு வீடியோ கால். சென்னையில் இருக்கும் பையிங் ஆபீஸ் மேலாளரும், ஜெர்மனியில் இருக்கும் பையரின் டெக்னீஷியனும் அதில் இருப்பார்கள். பேச வேண்டியவை இரண்டு. குழந்தைகள் டி-ஷர்ட்டின் பி.பி. சாம்பிளுக்கு, அதாவது உற்பத்தி தொடங்குமுன் கடைசியாக அனுப்பும் மாதிரிக்கு, கமெண்ட்ஸ் வாங்க வேண்டும். அடுத்த சீசனுக்கான விலையும் பேச வேண்டும். சனிக்கிழமை கட்டிங் என்று நாள் குறித்தாயிற்று, தையல் லைனும் ஒதுக்கியாயிற்று.

அன்று காலை ஆறு மணிக்கு அவருக்குக் கடும் காய்ச்சல். சென்னை மேலாளருக்கு வாட்ஸ்அப்பில் எழுதுகிறார்:

“சார், நேத்து ராத்திரியிலிருந்து 103 டிகிரி காய்ச்சல், வாந்தி வேற. டாக்டர் ப்ளட் டெஸ்ட் எழுதியிருக்காங்க, டெங்குவா இருக்குமோன்னு பயமா இருக்கு. ரொம்ப சாரி சார், தப்பா எடுத்துக்காதீங்க. இன்னைக்குக் கால் முடியாது. சரியானதும் சொல்றேன்.”

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எழுதியவர் நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் சென்னையில் இதைப் படிக்கிறவரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அவர் முதலில் பதறுகிறார், பப்பாளி இலைச் சாறு குடிக்கச் சொல்லி ஒரு பதில் போடுகிறார். அதற்குப் பிறகுதான் அவருக்கு வேலை நினைவுக்கு வருகிறது. சாம்பிள் கமெண்ட்ஸ் என்ன ஆகும்? சனிக்கிழமை கட்டிங் நடக்குமா? ஜெர்மனிக்கு யார் தகவல் சொல்வது? ‘சரியானதும்’ என்றால் எந்த நாள்? இதையெல்லாம் கேட்கலாம் என்று போனை எடுத்தால், படுத்திருக்கிற பெண்ணைத் தொந்தரவு செய்கிறோமே என்று கூச்சம். அவ்வளவு விவரம் எழுதியும், அவருக்குத் தேவையான ஒன்று அதில் இல்லை.

எழுத உட்காருமுன் செய்ய வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது. கூட்டத்தை முழுசாகத் தள்ளுவதா, நடத்துவதா என்று யோசிக்கக் கூடாது. கூட்டத்தில் பேசவேண்டியவற்றைத் தனித்தனியாகப் பிரித்து, எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று பார்க்க வேண்டும். இங்கே சாம்பிள் கமெண்ட்ஸ் காத்திருக்காது. குழந்தைகள் டி-ஷர்ட்டில் கழுத்து எவ்வளவு இழுபடுகிறது என்பதைப் பையர்கள் கறாராகப் பார்ப்பார்கள். தலை நுழையாவிட்டால் சட்டை வீண். கழுத்தை அகலப்படுத்தச் சொன்னால் பேட்டர்னைத் திருத்த வேண்டும், ரிப் நீளத்தை மாற்ற வேண்டும். கட்டிங்குக்கு முன்னால் அது பேட்டர்ன் மாஸ்டரின் அரை நாள் வேலை. துணியை வெட்டிய பிறகு வந்தால் மொத்த ஆர்டரும் சிக்கலில் மாட்டும். கமெண்ட்ஸ் வரட்டும் என்று கட்டிங்கைத் தள்ளினால், ஒதுக்கிய லைன் சும்மா கிடக்கும், கப்பல் தேதி நெருக்கும், கடைசியில் விமானத்தில் அனுப்பும் செலவு தலையில் விழும். விலைப் பேச்சு அப்படி இல்லை. அடுத்த சீசனுக்கு இன்னும் நாள் இருக்கிறது. நாலு நாள் தள்ளினால் யாருக்கும் நஷ்டமில்லை. தவிர, விலை பேசுவதற்கு நூல் விலையும், இதுவரை அந்தப் பையரோடு பேசிய கணக்கும் தெரிந்த ஆள் வேண்டும்.

ஆக, சாம்பிளை இன்றே, அதே நேரத்தில், வேறொருவர் பேச வேண்டும். விலையை இவரே பிறகு பேச வேண்டும். இதை முடிவு செய்துவிட்டால் செய்தி பாதி எழுதின மாதிரிதான்.

அந்த வேறொருவர் யார் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஆபீஸில் யார் சும்மா இருக்கிறார்கள் என்று பார்த்துப் பெயர் கொடுத்துவிடக் கூடாது. திருப்பூரில் ஒரே நிறுவனம் ஒன்றுக்கொன்று போட்டியான இரண்டு பிராண்டுகளுக்குத் தைத்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பையருக்கும் தனி மெர்ச்சண்டைசிங் டீம் இருக்கும். போட்டி பிராண்டைப் பார்க்கிற மெர்ச்சண்டைசரை இந்தக் காலில் உட்கார வைத்தால், இன்னும் கடைக்கு வராத டிசைன் அவர் கண்ணில் படும். பையர் வாய்விட்டுச் சொல்லாமல் இருக்கலாம், ஆனால் அவருக்கு அது பிடிக்காது. ஆடிட்டர் அலுவலகத்திலும் வக்கீல் அலுவலகத்திலும் இதே கவனம் வேண்டும். கட்சிக்காரரின் ரகசியம் அடங்கிய கோப்பை இன்னொருவர் கையில் கொடுப்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அதனால் நம் மெர்ச்சண்டைசர் அதே பையர் டீமில் இருக்கும் மூத்த சகாவை அழைக்கிறார். பையிங் ஆபீஸுக்கு எழுதுவது இந்தப் போனுக்குப் பிறகுதான். சம்மதம் கேட்காமல் ஒருவர் பெயரை வெளியே சொல்லிவிட்டு, அப்புறம் அவர் “எனக்கு ரெண்டு மணிக்கு டையிங் யூனிட்ல வேலை இருக்கே” என்று சொன்னால், ஒரே காலையில் இரண்டு முறை திட்டத்தை மாற்ற வேண்டியிருக்கும்.

அந்தப் போன் இப்படி இருக்கலாம்.

“அக்கா, உடம்புக்கு முடியலைங்க. இன்னைக்கு ரெண்டரை மணி கால்ல சாம்பிள் கமெண்ட்ஸ் மட்டும் நீங்க எடுக்க முடியுங்களா?”

“எடுக்கறேன் கண்ணு. என்ன நிலைமைல இருக்கு?”

“ஜெர்மனிக்கு அனுப்பின சாம்பிளோட இன்னொரு பீஸ் என் டேபிள் இடது டிராயர்ல இருக்குதுங்க, ஸ்பெக் ஷீட்டும் அதுலயே இருக்கு. போன ரவுண்டுல கழுத்து இறுக்கம்னு சொன்னாங்க, அதைத் திருத்தித்தான் இதை அனுப்பியிருக்கோம். அளவு மாத்தச் சொன்னா ஒத்துக்குங்க. துணியை மாத்து, பிரிண்டைக் கூட்டுன்னு செலவு ஏறுற மாதிரி எது சொன்னாலும், கேட்டுச் சொல்றோம்னு சொல்லிடுங்க. விலையைப் பத்தி ஆரம்பிச்சா, திங்கக்கிழமை நான் பேசறேன்னு சொல்லிடுங்க.”

“சரி. உனக்கு என்னன்னு கேட்டா?”

“உடம்பு சரியில்லைன்னு மட்டும் சொல்லுங்கக்கா.”

கடைசி வரி அவசியமானது. நாம் என்னதான் சுருக்கமாக எழுதினாலும், நமக்குப் பதிலாக உட்காருகிறவர் அக்கறையோடு “பாவம், அவளுக்கு டெங்குவாம்” என்று சொல்லிவிட்டால் எல்லாம் போயிற்று. என்ன சொல்லலாம் என்பதை அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எதற்குச் சரி சொல்லலாம், எதற்குச் சொல்லக் கூடாது என்ற எல்லையும் அப்படித்தான். அது தெரியாமல் உட்காருகிறவர் பயத்தில் எல்லாவற்றுக்கும் “கேட்டுச் சொல்கிறேன்” என்பார், அல்லது சங்கடத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவார். இரண்டுமே பையரின் நேரத்தை வீணாக்கும்.

இப்போது பையிங் ஆபீஸுக்கு எழுதலாம்:

“வணக்கம் சார். உடம்பு சரியில்லாததால் இன்று 2.30 காலில் என்னால் கலந்துகொள்ள முடியாது. சனிக்கிழமை கட்டிங் இருப்பதால், பி.பி. சாம்பிள் கமெண்ட்ஸை அதே 2.30-க்கு எங்கள் டீமின் சீனியர் மெர்ச்சண்டைசர் உங்களோடு பேசுவார். சாம்பிளும் ஸ்பெக் ஷீட்டும் அவரிடம் இருக்கின்றன, அளவு மாற்றங்களை அவரே முடிவு செய்வார். அடுத்த சீசன் விலையை மட்டும் நான் திங்கள் 2.30 அல்லது செவ்வாய் 3.30-க்குப் பேசுகிறேன், எது வசதி என்று சொல்லுங்கள். சாம்பிளையும் என்னோடுதான் பேச வேண்டும் என்று நினைத்தால் இன்று 11 மணிக்குள் தெரிவியுங்கள், இல்லையென்றால் மேலே சொன்னபடியே நடக்கும். ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன்.”

சகாவின் பெயரும் கைபேசி எண்ணும் கடைசியில் இருக்கும். ஜெர்மனிக்குப் போகும் மின்னஞ்சலும் இதே விஷயம்தான், ஆங்கிலத்தில்.

நோய்க்கு இதில் எத்தனை வார்த்தை செலவானது என்று பாருங்கள்: “உடம்பு சரியில்லாததால்”. அவ்வளவுதான். பொய்யும் இல்லை, பூசி மெழுகலும் இல்லை. ‘அவசர வேலை’, ‘குடும்பத்தில் ஒரு சூழ்நிலை’ என்று வேறு காரணம் சொல்வதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். திங்கட்கிழமை குரல் கம்மியிருந்தால் அது வெளியே வந்துவிடும், அப்புறம் நாம் சொல்லும் கப்பல் தேதியையும் அவர்கள் சந்தேகிப்பார்கள். மன்னிப்பு ஒரே முறை, அதுவும் கடைசியில் வருகிறது. முதல் வரியிலேயே மூன்று தடவை மன்னிப்புக் கேட்டால், எதிரில் இருப்பவர் வேலையை விட்டுவிட்டு நம்மைத் தேற்ற வேண்டியிருக்கும்.

“இல்லையென்றால் மேலே சொன்னபடியே நடக்கும்” என்ற வரியையும் விட்டுவிடாதீர்கள். நோயாளி மாத்திரை போட்டுத் தூங்கப்போகிறார். பதில் வந்ததா என்று அரை மணிக்கு ஒருமுறை போனைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பதில் வராவிட்டாலும் வேலை நடக்கும் என்ற ஏற்பாடு இரண்டு பக்கத்துக்கும் நிம்மதி. அதேசமயம் வாடிக்கையாளர் ‘உங்களோடுதான் பேசுவேன்’ என்று சொல்லும் உரிமையும் பறிபோகவில்லை. சிலர் அப்படிச் சொல்வார்கள், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

விவரத்தைக் குறைக்கச் சொல்வதற்குக் காரணம் வெட்கம் அல்ல. நோயில் வெட்கப்பட எதுவும் கிடையாது. எழுதிய செய்தி நம் கையைவிட்டுப் போய்விடுகிறது என்பதே காரணம். சென்னை மேலாளர் அதை அப்படியே ஜெர்மனிக்கு ஃபார்வர்டு செய்வார். அங்கிருந்து குவாலிட்டி டீமுக்குப் போகும். ஆர்டருக்கென்று இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் பிரிண்டிங்காரர் முதல் பட்டன்காரர் வரை பார்ப்பார்கள். ஒருவர் உடம்பைப் பற்றி இத்தனை பேருக்குத் தெரிய வேண்டிய அவசியம் என்ன? கருச்சிதைவு, மனச்சோர்வு, அறுவை சிகிச்சை என்று இருந்தால் இது இன்னும் எவ்வளவு வலிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. காய்ச்சலுக்கு மட்டும் விவரம் எழுதிப் பழகியவர், இன்னொரு நாள் வெறுமனே “உடம்பு சரியில்லை” என்று எழுதினால், அந்த மௌனமே கேள்வியாகிவிடும். அதனால் சாதாரண ஜலதோஷத்துக்கும் அதே இரண்டு வார்த்தை போதும்.

நோயின் பெயரைச் சொன்னால் எதிரில் இருப்பவர் தானாகக் கணக்கும் போடுவார். ‘வைரல் காய்ச்சல்தானே, மூணு நாளில் வந்துவிடுவார்’ என்று பையருக்கு வாக்குக் கொடுத்துவிடுவார். நமக்குத் தேதி சொல்லும் உரிமை அப்படியே கைமாறிவிடும். நோயின் பெயருக்குப் பதில் நாளைச் சொல்வதுதான் நல்லது. அந்த நாளையும் தாராளமாக வைக்க வேண்டும். நாளைக்கே சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில் வெள்ளிக்கிழமை என்று எழுதி, வெள்ளியன்று மறுபடி தள்ளினால், முதல் தடவை காட்டிய பொறுமையை இரண்டாம் தடவை எதிர்பார்க்க முடியாது. திங்கட்கிழமையும் எழுந்து உட்கார முடியாவிட்டால் விலையை மெர்ச்சண்டைசிங் மேனேஜர் பேசுவார் என்று உள்ளுக்குள் இப்போதே முடிவு செய்துவைக்கலாம், அதை வெளியே எழுத வேண்டியதில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. தொற்று நோயாக இருந்து, சமீபத்தில் அவர்களை நேரில் சந்தித்திருந்தால், சொல்லியாக வேண்டும். சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். தொற்றியவருக்கு அது தெரிய 10 முதல் 21 நாள் வரை ஆகலாம். நேற்று பக்கத்தில் உட்கார்ந்து சாம்பிள் பார்த்தவர் கர்ப்பிணியாக இருந்தால் அவர் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். அப்போதும் குரூப்பில் எழுதக் கூடாது. சம்பந்தப்பட்டவரைத் தனியாகப் போனில் அழைத்துச் சொல்ல வேண்டும்.

முழு விவரத்துக்கும் ஓர் இடம் இருக்கிறது. அது சொந்த நிறுவனத்தின் பணியாளர் பிரிவு. மருத்துவச் சான்றிதழ் அங்கே போக வேண்டும். இ.எஸ்.ஐ.யில் இருக்கும் தொழிலாளிக்கு, தகுதியான சந்தாக் காலம் இருந்தால், நோய்க்கால உதவித்தொகையாகச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள்வரை கிடைக்கும், அதற்கு இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்று கட்டாயம். அங்கே சுருக்கமாக எழுதினால் நமக்குத்தான் நஷ்டம்.

நோய் என்று சொன்னாலே போதாது, பதில் ஆளை ஏற்பாடு செய்தாயா என்று கேட்கும் இடம் ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது: நீதிமன்றம். 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில், வாய்தா பற்றிப் பேசும் 17-ஆவது கட்டளை, வழக்கறிஞருக்கு உடம்பு சரியில்லை என்று வாய்தா கேட்டால் உடனே கொடுத்துவிடக் கூடாது என்கிறது. அந்தக் கட்சிக்காரரால் உரிய நேரத்தில் வேறு வழக்கறிஞரை அமர்த்தியிருக்க முடியாது என்று நீதிமன்றம் திருப்தியடைய வேண்டும். விசாரணையின்போது ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் வாய்தா இல்லை என்ற வரம்பும் அதே கட்டளையில் இருக்கிறது. நோய் என்ன என்று அந்தப் பிரிவு துருவவில்லை. மாற்று ஏற்பாடு சாத்தியமா என்றுதான் பார்க்கிறது. சீனியர் வராத நாளில் கோப்போடு எழுந்து நிற்கும் ஜூனியரை எந்த நீதிமன்றத்திலும் பார்க்கலாம். கோப்பைப் படித்துவிட்டு வந்த ஜூனியரையும், ‘சீனியருக்கு உடம்பு சரியில்லை’ என்று மட்டும் சொல்ல வந்த ஜூனியரையும் நீதிபதி முதல் கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

செய்தி அனுப்பியதோடு காலண்டரையும் திருத்த வேண்டும். அழைப்பு நம்முடையதாக இருந்தால் அதை அழிக்கக் கூடாது. அழித்தால் எல்லோருக்கும் ‘ரத்து’ என்று போய்விடும், ஜெர்மனியில் இருப்பவர் அந்த நேரத்தை வேறு வேலைக்குக் கொடுத்துவிடுவார். 2.30 அழைப்பை அப்படியே வைத்து, அதில் சகாவின் முகவரியைச் சேர்த்துவிட்டு, விலைக்குத் தனியாகப் புது அழைப்பு அனுப்பலாம். அழைப்பு அவர்களுடையதாக இருந்தால் நாம் நேரத்தை மாற்ற முடியாது. கூகுள் காலண்டரில் Propose a new time என்று இருப்பதை அழுத்தி வேறு நேரம் கேட்கலாம்.

இந்தக் கதையில் மார்ச் இறுதி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. மார்ச் கடைசி ஞாயிறு அதிகாலையில் ஜெர்மனி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுகிறது. வியாழக்கிழமை நம் 2.30 அவர்களுக்குக் காலை 10 மணி. அந்த ஞாயிறு தாண்டினால், திங்கட்கிழமை நம் 2.30 அவர்களுக்கு 11 மணி. ‘வழக்கமான நேரம்’ என்று மட்டும் எழுதினால் அவர் 10 மணிக்கு வந்து காத்திருப்பார், அப்போது நமக்கு மணி 1.30 ஆகியிருக்கும். செவ்வாய் காலை 11 மணி நமக்கு வசதிதான், ஆனால் அங்கே அது காலை 7.30, அதனால்தான் செய்தியில் 3.30 என்று இருந்தது. காய்ச்சலில் இருப்பவருக்கு இந்தக் கணக்கு தப்பும். இரண்டு ஊர் நேரத்தையும் அழைப்பில் எழுதிவிட்டு, சகாவை ஒருமுறை சரிபார்க்கச் சொல்வது நல்லது.

மதியம் கால் நடந்தது என்று வைத்துக்கொள்வோம். டெக்னீஷியன் கழுத்தை இன்னும் அரை சென்டிமீட்டர் அகலப்படுத்தச் சொல்கிறார், சகா சரி என்கிறார். தோள் பக்கத்தில் பட்டன் வைக்கலாமா என்று கேட்கிறார்; அது செலவு, கேட்டுச் சொல்கிறோம் என்கிறார். கால் முடிந்ததும் இந்த இரண்டையும் எழுதி எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் போகிறது, பேட்டர்ன் மாஸ்டர் அன்று மாலையே திருத்துகிறார்.

திங்கட்கிழமை மெர்ச்சண்டைசர் வருகிறார். சென்னை மேலாளர் அக்கறையாக “என்னம்மா ஆச்சு?” என்று கேட்கிறார். “இப்போ பரவாயில்லைங்க சார், ரொம்ப நன்றி” என்று சொல்லிவிட்டு விலைக்குப் போய்விடலாம். கழுத்து விஷயத்தில், அரை சென்டிமீட்டர் தேவையே இல்லை, கால் சென்டிமீட்டரே போதும் என்று அவருக்குத் தோன்றலாம். தோன்றினாலும் அதைத் திரும்பக் கிளறக் கூடாது. சகாவுக்குக் கொடுத்த எல்லைக்குள் அவர் எடுத்த முடிவு அது. அதை மாற்றினால் சனிக்கிழமை வெட்டிய துணி ஒருபுறம் இருக்கட்டும், அடுத்த முறை அந்த அக்கா காலில் உட்காரும்போது, அவர் சொல்லும் ‘சரி’யைப் பையர் ஏற்க மாட்டார். பட்டனுக்கு மட்டும்தான் பதில் பாக்கி இருக்கிறது. அதன் விலையை விசாரித்து, அன்றைய காலிலேயே சொல்லிவிட வேண்டும்.